விலை ஏற்றத்தை மறுத்துச் சீன மொழியில் ஒரு மெயில்: யோங்காங் ஃபிளாஸ்க் ஃபேக்டரிக்கு

கேள்வி: கொழும்பில் பரிசுப்பொருள் வியாபாரம் செய்கிறோம். சீனாவில் யோங்காங்கில் இருக்கும் ஒரு ஃபேக்டரியிடம் மூன்று வருஷமாக 500 மி.லி. ஸ்டீல் ஃபிளாஸ்க் வாங்குகிறோம். வருஷத்துக்கு இரண்டு ஆர்டர், ஒவ்வொன்றும் 5,000. விலை நிங்போ எஃப்ஓபி 2.60 டாலர். மார்ச் 10 தேதி போட்டு 8% ஏற்றம் என்று கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். எங்களால் முடியாது. ஆனால் நல்ல ஃபேக்டரி, உறவு கெடக்கூடாது. சீன மொழியிலேயே மரியாதையாக எப்படி மறுத்து எழுதுவது?

பதில்:

முதலில் அந்தக் கடிதத்தை எடுத்து, யாரை விளித்து எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தலைப்பில் 调价函 அல்லது 涨价通知函 என்றும், விளிப்பில் 尊敬的客户 (மதிப்புக்குரிய வாடிக்கையாளரே) என்றும் இருந்து, கீழே வட்டமான சிவப்பு முத்திரை குத்தியிருந்தால், அது உங்களுக்கென்று எழுதியதல்ல. எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே கடிதம் போயிருக்கிறது. படிக்க முடிந்துபோன முடிவு மாதிரி இருக்கும். ஆனால் பழைய வாடிக்கையாளர் பதில் எழுதுவார், பேசுவார் என்று அவர்களும் எதிர்பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். பேசாமல் ஒத்துக்கொள்கிறவர்களிடம் 8% கிடைக்கும், மற்றவர்களிடம் கிடைத்தது லாபம். அதனால் மறுத்து எழுதுவதே அவமரியாதை ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம்.

இன்னொன்றையும் அந்தக் கடிதத்திலேயே பாருங்கள்: புது விலை எந்தத் தேதியிலிருந்து? ஏற்கனவே புரோஃபார்மா இன்வாய்ஸில் கையெழுத்தாகி 30% முன்பணமும் போன ஆர்டர் ஏதாவது இருந்தால், அதன் விலை முடிந்த விஷயம். அதை இந்த மெயிலில் இழுக்காதீர்கள். பேரம் பேசும் கடிதத்தில் அதையும் சேர்த்தால், அதுவும் பேரத்துக்கு உட்பட்டது என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது கணக்கு. மெயில் எழுதுமுன் இதைப் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் முழுதாக மறுப்பதா, பாதி மறுப்பதா என்பது இதில்தான் தெரியும். ஃபிளாஸ்க்கில் பெரிய மூலப்பொருள் செலவு 304 ஸ்டீல். அதன் அன்றாட விலை ரகசியமில்லை. வூசி நகரம்தான் சீனாவின் பெரிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சந்தை. 无锡304不锈钢价格 என்று தேடினால் டன் விலை யுவானில் வரும். ஷாங்காய் ஃபியூச்சர்ஸ் எக்ஸ்சேஞ்சிலும் 2019 முதல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வியாபாரம் ஆகிறது. உங்கள் கடைசி ஆர்டர் போட்ட மாதத்து விலையையும் இன்றைய விலையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உதாரணத்துக்கு, டன்னுக்கு 800 யுவான் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டுக் கழிவையும் சேர்த்து ஒரு ஃபிளாஸ்க்குக்கு 320 கிராம் ஸ்டீல் போகிறது என்றால், ஏற்றம் 0.26 யுவான். டாலருக்கு 7.2 யுவான் என்று பார்த்தால் மூன்றரை சென்ட். உங்கள் விலையில் அது 1.4% கூட முழுதாக இல்லை. அவர்கள் கேட்பதோ 21 சென்ட். கூலி ஏறியிருக்கலாம், பெட்டி, பெயின்ட் எல்லாம் ஏறியிருக்கலாம், இருந்தாலும் இடைவெளி பெரிது. இப்படி இருந்தால் தைரியமாக முழுதும் மறுக்கலாம்.

ஆனால் ஸ்டீல் டன்னுக்கு 3,000 யுவான் ஏறியிருந்தால் கதை வேறு. ஸ்டீல் மட்டுமே 13 சென்ட், அதாவது 5%. அப்படியும் நடக்காமல் இல்லை. 2022 மார்ச் 8 அன்று லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்சில் நிக்கல் டன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, வியாபாரத்தையே நிறுத்தினார்கள். 304-இல் நிக்கல் 8%க்கு மேல் இருப்பதால் நிக்கல் துள்ளினால் ஸ்டீலும் துள்ளும். அந்த மாதிரி நேரத்தில் ஒரு ஃபேக்டரியைப் பழைய விலையில் கட்டிப்போட்டால், சரி என்று சொல்லிவிட்டு வேறு எங்கோ பிடிப்பார்கள். எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

இந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும், மெயிலில் எழுதாதீர்கள். உங்களோடு பேசுகிற விற்பனைப் பிரதிநிதி, அவரை இங்கே சென் மேனேஜர் என்று வைத்துக்கொள்வோம், விலையை முடிவு செய்கிறவர் இல்லை. உங்கள் மெயிலை அவர் அப்படியே முதலாளிக்கு அனுப்புவார், அல்லது ஃபோனில் திறந்து காட்டுவார். அந்த முதலாளி கையெழுத்துப் போட்டுத்தான் கடிதம் வந்திருக்கிறது. "உங்கள் காரணம் கணக்குக்கு ஒத்துவரவில்லை" என்று எழுத்தில் வந்தால், முதலாளி பொய் சொன்னதாக அவருடைய ஊழியர் முன்னாலேயே சொன்னதாகிவிடும். அதற்கப்புறம் விலையை இறக்குவது அவருக்குப் பண விஷயமாக இருக்காது, முகத்தை இழக்கிற விஷயமாகிவிடும். சீனர்கள் இதற்கு 台阶 என்பார்கள், படிக்கட்டு. எதிராளி கௌரவமாக இறங்கி வர ஒரு படி போட்டுக்கொடுப்பது. உங்கள் மெயில் செய்ய வேண்டிய வேலை அதுதான். அவர் காரணத்தைத் தொடாமல் ஒத்துக்கொண்டு, மறுப்புக்கான காரணத்தை உங்கள் பக்கத்திலிருந்து மட்டும் எடுத்து, பதிலுக்கு ஏதோ ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். அப்போதுதான் முதலாளி, "இவ்வளவு ஆர்டர் தருகிறார்கள், காசும் சீக்கிரம் தருகிறார்கள், சரி, பழைய விலைக்கே செய்து கொடு" என்று தானாக முடிவெடுத்த மாதிரி சொல்ல முடியும்.

உங்கள் விவரத்துக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

```
主题:关于500ml保温杯调价事宜的回复

尊敬的陈经理:

您好!

贵司3月10日的调价函已收悉。三年来,贵司在交期和品质上
一直给予我们很大的支持,我们十分珍惜这份合作。

对贵司目前面临的成本压力,我们完全理解。只是我司今年的
销售价格已与客户签约锁定,年底之前无法调整。因此,本次
8%的涨幅,我们目前实在难以承受,恳请贵司对500ml保温杯
仍按原价(FOB宁波2.60美元)执行。

为减轻贵司的压力,我司愿意作如下配合:
一、将今年的两次订单合并为一次,共10000只,便于贵司
集中备料和排产;
二、尾款由见提单副本后30天付清,改为见提单副本即付。

产品材质(内胆、外壳均为304不锈钢)及质量标准保持不变。

明年的价格,我们愿意在今年9月与贵司重新商议。

烦请您将我司的实际情况转达给王总。如能于3月20日前回复,
不胜感激。也欢迎随时微信或电话沟通。

顺祝
商祺!

(公司名称、姓名)
2025年3月14日
```

இதன் பொருள் சுருக்கமாக: உங்கள் 10ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. மூன்று வருஷமாக டெலிவரியிலும் தரத்திலும் நீங்கள் தந்த ஆதரவை மதிக்கிறோம். உங்கள் செலவு நெருக்கடி எங்களுக்குப் புரிகிறது. ஆனால் இந்த வருஷத்து விற்பனை விலையை எங்கள் வாடிக்கையாளர்களோடு ஒப்பந்தம் போட்டு முடித்துவிட்டோம், வருஷக் கடைசிவரை மாற்ற முடியாது. அதனால் இந்த 8% எங்களால் இப்போது தாங்க முடியவில்லை, பழைய விலையையே தொடருமாறு கேட்டுக்கொள்கிறோம். உங்கள் சுமையைக் குறைக்க இரண்டு ஆர்டரையும் சேர்த்து 10,000 ஆகத் தருகிறோம். பில் ஆஃப் லேடிங் நகல் வந்து 30 நாளில் தந்துவந்த மீதிப் பணத்தை, நகல் வந்ததுமே தந்துவிடுகிறோம். உள்ளேயும் வெளியேயும் 304 ஸ்டீல், தரம் மாறாது. அடுத்த வருஷ விலையைச் செப்டம்பரில் மறுபடி பேசலாம். எங்கள் நிலையை வாங் முதலாளியிடம் தயவுசெய்து சொல்லுங்கள். 20ஆம் தேதிக்குள் பதில் கிடைத்தால் மிக்க நன்றி.

பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள். குடும்பப் பெயருக்குப் பின்னால் மேனேஜருக்கு 经理, முதலாளிக்கு 总 என்று வரும். கடைசியில் உங்கள் பெயரை நீங்கள் வழக்கமாக எழுதுவது போலவே எழுதுங்கள். இதற்காகப் புதிதாக ஒரு சீனப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மறுக்கிற வாக்கியத்தில் இருக்கும் 目前 (இப்போதைக்கு) என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். அதோடு 实在难以承受 சேர்ந்தால், "எங்களுக்கு மனமில்லாமல் இல்லை, இந்த நேரத்தில் எங்களால் முடியவில்லை" என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். 不同意 (சம்மதமில்லை), 拒绝 (மறுக்கிறோம்) என்பவை வழக்கறிஞர் கடிதத்தில் வரலாம், மூன்று வருஷ உறவில் வரக்கூடாது. அதே நேரம் மறுப்பு மூடிமறைத்ததாகவும் இருக்கக்கூடாது. 希望贵司再考虑一下 (கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்) என்று மட்டும் எழுதிவிட்டால், மரியாதை இருக்கும், விலை இருக்காது. "யோசித்தோம், 6% ஆக்கிக்கொள்கிறோம்" என்று பதில் வரும். அதனால்தான் 仍按原价执行 என்று எழுதிப் பக்கத்திலேயே 2.60 என்று எண்ணையும் போட்டிருக்கிறேன். நயமெல்லாம் சுற்றியுள்ள வார்த்தைகளில் இருக்கட்டும், கேட்பது தெளிவாக இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் எழுதி மொழிமாற்றிக் கொடுப்பதில் வரும் கோளாறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வருத்தத்தோடு மறுக்கிற ஆங்கில வாசகம் 不幸的是 என்று மாறிவிடும். சீனக் காதில் அது யாரோ விபத்தில் சிக்கிய செய்தி மாதிரி விழும். கவனிக்கவும் என்பது 请注意 ஆகும். அதில் எச்சரிக்கை வாடை அடிக்கும். மெயிலில் பாதி இடத்தில் 您 என்றும் பாதியில் 你 என்றும் வந்திருந்தால் அதையும் திருத்துங்கள். நண்பரிடம் காட்டித் திருத்துவதாக இருந்தால் இந்த மூன்றை மட்டும் பார்க்கச் சொன்னால் போதும்.

"விற்பனை விலையை ஒப்பந்தம் போட்டு முடித்துவிட்டோம்" என்பது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். எத்தனை மாத ஒப்பந்தம், எந்த வாடிக்கையாளர் என்று பேச்சுவாக்கில் கேட்பார்கள். உண்மை அதுவல்ல என்றால், உங்கள் சந்தையில் விற்பனை மந்தம், விலை ஏற்ற இடமில்லை என்று எழுதலாம்: 目前当地市场低迷,售价无法上调。

பதிலுக்குக் கொடுக்கிற இரண்டு சலுகைகளில், ஃபேக்டரிக்கு உண்மையில் இனிப்பது பணம் சீக்கிரம் வருவது. யோங்காங்கிலும் பக்கத்து வூயியிலும் உள்ள சின்ன ஃபேக்டரிகள் ஸ்டீலைக் கைக்காசு கொடுத்து வாங்கி, சரக்கு ஏற்றி, பிறகு காசுக்குக் காத்திருக்கும். 30 நாள் காத்திருப்பு போய்விட்டால் அவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். ஆர்டரைச் சேர்ப்பதும் நல்லதுதான், ஸ்டீல் ஒரே தடவையில் வாங்கலாம், லைனை ஒரு தடவை அமைத்தால் போதும். ஆனால் 10,000 என்று எழுதிவிட்டு 6,000 எடுத்தால், அடுத்த வருஷம் இதே மெயிலை அனுப்பிப் பயனில்லை. இடமும் பணமும் இல்லையென்றால் முதல் சலுகையை எடுத்துவிட்டு இரண்டாவதை மட்டும் வையுங்கள்.

வேறு ஃபேக்டரி குறைந்த விலை சொல்கிறது என்பதை இந்த மெயிலில் கொண்டுவராதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் வேண்டாம். முதல் மெயிலிலேயே அது வந்தால், மேலே எழுதிய "உறவை மதிக்கிறோம்" என்ற வரியை யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது அந்த 304 வரி. இந்த மெயிலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். பழைய விலைக்கு ஒத்துக்கொண்டு லாபம் குறைந்துபோன ஃபேக்டரி அதை ஈடுகட்ட மூன்று வழி இருக்கிறது. வெளி ஓட்டுக்கு 304-க்குப் பதில் 201 ஸ்டீல் போடலாம், நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம், விலை மலிவு. தகட்டின் தடிமனைக் குறைக்கலாம். அல்லது பவுடர் கோட்டிங்கை மெல்லியதாக அடிக்கலாம். மூன்றும் முதல் நாள் பார்த்தால் தெரியாது. மெயிலில் ஸ்டீலின் பெயரைச் சொல்லி, தரம் மாறாது என்று ஒரு வரி இருந்தால், "விலை குறைவு என்பதால் பொருளும் மாறும் என்று நினைத்தோம்" என்ற வாதத்துக்கு இடமிருக்காது. விலையைப் பேசுகிற அதே கடிதத்தில் அது இருப்பதுதான் அதன் பலம்.

அந்த வரியோடு நின்றுவிடாமல் சரக்கு வந்ததும், முடிந்தால் ஏற்றுமதிக்கு முன்பே, பாருங்கள். போன ஆர்டரில் வந்த ஒரு ஃபிளாஸ்க்கைத் திறக்காமல் எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்றால் அதுதான் உங்கள் அளவுகோல். மூடியைக் கழற்றி இரண்டையும் எடை போடுங்கள். 20, 30 கிராம் குறைந்திருந்தால் தகடு மெலிந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். 201-ஆ என்று பார்க்க ஒரு ஃபிளாஸ்க்கை அறுத்து, மாங்கனீஸ் சோதனைத் திரவத்தை (不锈钢检测液 என்று விற்கிறார்கள்) ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டால், 201 என்றால் சில நொடியில் சிவப்பாகும். காந்தத்தை நம்பாதீர்கள். வளைத்து இழுத்த 304-உம் லேசாகக் காந்தத்தில் ஒட்டும், நல்ல 201 ஒட்டாமலும் இருக்கும். அந்தச் சோதனையை வைத்து ஃபேக்டரியோடு சண்டை போட்டால் தோற்பது நீங்கள்தான்.

மெயில் அனுப்பிய அன்றே விசாட்டில் சென் மேனேஜருக்கு ஒரு வரி போடுங்கள். மெயிலைப் பதிவுக்கு என்று வைத்துக்கொள்ளலாம், பேச்சு நடப்பது விசாட்டில்.

```
陈经理,关于调价的邮件已发给您,
麻烦您有空看一下。辛苦您了!
```

அப்புறம் ஒன்றிரண்டு நாளில் கூப்பிட்டுப் பேசுங்கள். கொழும்பு நேரத்துக்கும் சீன நேரத்துக்கும் இரண்டரை மணி வித்தியாசம். உங்கள் காலை 7 மணி அவர்களுக்கு ஒன்பதரை, அது நல்ல நேரம். உங்களுக்கு ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைவரை அங்கே மதியச் சாப்பாடும் குட்டித் தூக்கமும், அப்போது கூப்பிடாதீர்கள். நாம் போட்ட ஸ்டீல் கணக்கு இந்தப் பேச்சில்தான் வெளியே வர வேண்டும், அதுவும் கேள்வியாக: "வூசியில் டன்னுக்கு 800 தான் ஏறியிருக்கிறது என்று பார்த்தேன், மற்ற செலவு என்னவெல்லாம் ஏறியது என்று சொன்னால் எனக்கும் எங்கள் முதலாளியிடம் பேச வசதி." எழுத்தில் அவமதிப்பாகப் படுகிற அதே கணக்கு, இருவர் தனியாகப் பேசும்போது உதவியாக மாறிவிடும். சென் அதை உள்ளே எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்லிக்கொள்வார்.

பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக வரும். "இந்த ஆர்டருக்குப் பழைய விலை, அடுத்ததற்குப் புது விலை" என்று வந்தால் நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. அடுத்ததைப் பற்றி இப்போது வாதாடாமல் நன்றி சொல்லி, விலையைப் புரோஃபார்மா இன்வாய்ஸில் ஏற்றச் சொல்லுங்கள்:

```
感谢王总和您的支持!麻烦按2.60美元更新PI并盖章,
我们收到后马上安排定金。
```

முத்திரை குத்திய இன்வாய்ஸ் வரும்வரை முன்பணம் அனுப்பாதீர்கள். அதில் 304 என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

"முதலாளியிடம் கேட்டேன், 4% வரை இறங்குகிறார்" என்று வந்தால், உங்கள் கணக்கை எடுங்கள். ஸ்டீலுக்கு மூன்றரை சென்ட், கூலிக்குக் கொஞ்சம் என்று வைத்தால் 2.65 வரை போவதில் அநியாயம் இல்லை. அப்படிக் கொடுப்பதாக இருந்தால், முன்னே சொன்ன சலுகைகளில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விலையும் ஏறி, பணமும் முன்னதாகப் போவது சரியில்லை, அதை அவர்களும் ஏற்பார்கள். ஸ்டீல் உண்மையிலேயே 3,000 ஏறிய நேரம் என்றால், முதல் மெயிலிலேயே 仍按原价执行 என்பதை எடுத்துவிட்டு, ஆளுக்குப் பாதி தாங்குவோம் என்று எழுதுங்கள்: 涨幅部分能否由双方各承担一半。

மூன்றாவது, 这个价格实在做不下来 (இந்த விலைக்குச் செய்யவே முடியாது) என்ற பதில். இதை வெறும் பேரமாக எடுத்து இன்னும் அழுத்த வேண்டாம். விலையை விட்டுவிட்டு, எது செலவைக் கூட்டுகிறது என்று கேளுங்கள். தனித்தனிப் பெட்டியை விட்டுச் சாதாரணப் பெட்டி, இரண்டு நிறத்துக்குப் பதில் ஒரு நிறம் என்று நீங்களே சொல்லிக் குறைக்கக்கூடிய இடம் இருக்கும். அப்படிச் செய்தால் குறைவது பெட்டியிலும் நிறத்திலும்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டீலை யாரும் தொட மாட்டார்கள். 20ஆம் தேதிவரை பதிலே வராவிட்டால் இன்னொரு மெயில் வேண்டாம். விசாட்டில் ஆர்டர் தேதியைப் பற்றி மட்டும் கேளுங்கள், விலையைப் பற்றி அவர்களே ஆரம்பிப்பார்கள்.